திறப்பு விழாவுக்கு முன் மூன்று வெள்ளோட்டங்கள்: புதிய டிபன் உணவகம் தொடங்குவோருக்கு

புதிதாக உணவகம் தொடங்குகிறவர்களின் பணமும் கவனமும் கடைசி மாதத்தில் கட்டட வேலை, விளக்குகள், பெயர்ப்பலகை, அழைப்பிதழ் ஆகியவற்றிலேயே கரைந்துவிடுவதால், சமையலறையின் எல்லா அடுப்புகளும் ஒரே நேரத்தில் எரிந்து, எல்லா இருக்கைகளும் நிரம்பி, கல்லாவில் பில் ஓடும் நிலை பெரும்பாலான இடங்களில் திறப்பு நாளன்று காலையில்தான் முதன்முறையாக ஏற்படுகிறது. அன்று தோசைக்கு அரை மணி நேரம் காத்திருந்து எழுந்து போனவரை மறுபடி உள்ளே கொண்டுவருவது கடினம். அந்த நிலையைத் திறப்புக்கு முன்பே, பழி வராத சூழலில் செயற்கையாக உண்டாக்கிப் பார்ப்பதுதான் வெள்ளோட்டம். உணவு ருசியாக இருக்கிறதா என்பதை அறிய இத்தனை ஏற்பாடு தேவையில்லை. நான்கு பேர் சாப்பிட்டால் போதும். நாற்பத்தெட்டு பேர் வந்தால் எந்த இடத்தில் எல்லாம் தேங்கி நிற்கும் என்பதை அறியத்தான் வெள்ளோட்டம் நடத்துகிறோம்.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஓர் உணவகத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் ஒரு நடுத்தர ஊரில், 12 மேசைகளும் 48 இருக்கைகளும் கொண்ட சைவ டிபன் கடை. ஒரு தோசைக்கல், ஓர் இட்லிக் கொப்பரை, ஓர் எண்ணெய்ச் சட்டி, காபிக்குத் தனி மேடை. சமையலறையில் சரக்கு மாஸ்டர், தோசை மாஸ்டர், காபி மாஸ்டர், இரண்டு உதவியாளர்கள், கூடத்தில் நான்கு சப்ளையர்கள், இரண்டு கிளீனர்கள், கல்லாவில் ஒருவர். உங்கள் கடை இதைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

ஒரு சட்டக் குறிப்பை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-இன்படி உரிமமோ பதிவோ இல்லாமல் உணவுத் தொழிலைத் தொடங்கக் கூடாது. காசு வாங்கி நடத்தும் வெள்ளோட்டமும் விற்பனைதான். ஆகவே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம், பணியாளர்களின் மருத்துவத் தகுதிச் சான்று ஆகியவை வெள்ளோட்டத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். திறப்பு நாளுக்குள் வந்துவிடும் என்று நம்பி ஆட்களை அழைப்பது சரியல்ல.

முதல் வேலை: பட்டியலைக் குறுக்குதல்

திறப்பு நாளில் 40 வகை உணவு இருந்தால்தான் மதிப்பு என்று நினைக்கிறவர்கள் உண்டு. முதல் இரண்டு வாரங்களுக்கு இட்லி, வடை, பொங்கல், சாதா தோசை, நெய் ரோஸ்ட், மசால் தோசை, வெங்காய ஊத்தப்பம், காபி, தேநீர் என்ற அளவே நம் கடைக்குப் போதும் என்பது என் கருத்து. ஒவ்வொரு புதிய பெயரும் சமையலறையில் எந்த அடுப்பைக் கேட்கிறது என்று பார்த்தால் இதற்கான காரணம் புரியும். பூரியை எடுத்துக்கொள்ளுங்கள். வடைக்கு எண்ணெய் மிதமான சூட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே சிவந்து உள்ளே மாவாக நிற்கும். பூரிக்கு அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். இல்லாவிட்டால் உப்பாமல் எண்ணெய் குடிக்கும். சட்டி ஒன்றுதான் இருக்கிறது என்றால், பூரி கேட்கும் ஒவ்வொரு முறையும் வடை நிற்கும், அல்லது இரண்டில் ஒன்று கெடும். இரண்டாவது சட்டியும் அதற்கொரு கையும் வரும்வரை பூரியைப் பட்டியலில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. பட்டியலில் இல்லாததற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பட்டியலில் இருந்தும் வராததற்குத்தான் கோபம் வரும்.

ஆளில்லாமல் ஒரு நாள்

திறப்புக்குப் பத்து நாட்களுக்கு முன், விருந்தினர் யாரும் இல்லாமல், இயந்திரங்களை மட்டும் சோதிக்க ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். பத்து நாள் என்று சொல்வதற்குக் காரணம், அன்று தெரியவரும் கோளாறைச் சரிசெய்யப் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் எரிவாயுக் குழாய் போட்டவரும் உடனே வந்துவிடுவதில்லை.

அன்றைய முக்கியமான சோதனை, எல்லா அடுப்புகளையும் முழுத் தீயில் ஒன்றாக ஏற்றி முக்கால் மணி நேரம் தொடர்ந்து எரிய விடுவது. குழாய் போட்டவர் ஒவ்வோர் அடுப்பாக ஏற்றிக் காட்டி, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். தனித்தனியாக எரியும்போது தெரியாத குறை, எல்லாம் சேர்ந்து இழுக்கும்போதுதான் தெரியும். 19 கிலோ வணிகச் சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் எரிவாயு ஆவியாகும்போது சுற்றிலும் உள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரே சிலிண்டரிலிருந்து பல பெரிய பர்னர்கள் இழுத்தால் சிலிண்டர் வேகமாகக் குளிர்ந்து, ஆவியாவது குறைந்து, அழுத்தம் விழுகிறது. சிலிண்டரின் கீழ்ப்பகுதியில் முதலில் வேர்த்தது போல நீர்த்துளிகள் படியும், பிறகு வெண்மையாக உறைபனி பூக்கும். உள்ளே தோசைக்கல்லின் அடியில் தீ குட்டையாகிவிடும். சிலிண்டரில் பாதி எரிவாயு இருந்தும் தீர்ந்துவிட்டது என்று கழற்றி மாற்றுகிற தவறு இங்கேதான் நடக்கிறது. இதற்குத் தீர்வு ரெகுலேட்டரைத் திருகுவதோ சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுவதோ அல்ல. இரண்டாவது ஆபத்தானதும்கூட. பல சிலிண்டர்களை ஒன்றாக இணைக்கும் குழாயான மேனிஃபோல்டில் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் சிலிண்டர்களின் எண்ணிக்கையைக் கூட்டி, ஒவ்வொன்றும் மெதுவாக ஆவியாகும்படி செய்ய வேண்டும். எத்தனை சிலிண்டர்களை எங்கே வைக்கலாம் என்பதை விநியோகஸ்தரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

அதே முக்கால் மணி நேரத்தில் கிரைண்டர், மிக்சி, குளிர்பெட்டி, புகைபோக்கி விசிறி, கூடத்து ஏசி எல்லாம் ஓடட்டும். மெயின் விழுகிறதா என்று பாருங்கள். எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, சாக்கடை திரும்பி வருகிறதா என்று கவனியுங்கள். புகைபோக்கி சரியாக இழுக்கவில்லை என்றால் தாளிப்பு நெடி கூடத்துக்கு வந்து முதல் மேசையில் இருப்பவர் இருமுவார். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டுவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தால் போதும்.

புதிய தோசைக்கல்லைப் பழக்கும் வேலையும் இந்தப் பத்து நாட்களுக்குள் முடிய வேண்டும். கடையிலிருந்து வந்த இரும்புக்கல்லில் முதல் நாள் மாவை ஊற்றினால் ஒட்டிக்கொண்டு கிழியும். நன்றாகத் தேய்த்துக் கழுவி, மிதமான தீயில் நல்லெண்ணெய் தடவிக் காயவைத்து, வெங்காயத்தால் தேய்த்து, துடைத்து, மறுபடி எண்ணெய் விட்டு, சில நாட்களுக்குத் தடித்த ஊத்தப்பங்களாகவே ஊற்றி எடுத்தால்தான் கல் கறுத்து வழவழப்பாகும். அந்த நாட்களிலேயே கல்லில் எந்த மூலை சூடு குறைவு என்பது தோசை மாஸ்டருக்குத் தெரிந்துவிடும். பர்னர் நேராக இல்லாத கல்லில் ஓரத்துத் தோசை வெளுத்தே வரும்.

மாவு: முந்தைய நாள் மதியமே எடுக்க வேண்டிய முடிவு

டிபன் கடையில் காலை ஐந்து மணிக்கு மாற்ற முடியாத ஒரே பொருள் மாவு. சட்னியை அரை மணியில் அரைத்துவிடலாம். பொங்கலை மீண்டும் வைக்கலாம். இட்லிக்கு அரிசியும் உளுந்தும் நான்கு அல்லது ஐந்து மணி நேரம் ஊறி, மாலையில் அரைபட்டு, எட்டு முதல் பத்து மணி நேரம் புளித்தாக வேண்டும். நாளைய விற்பனையை இன்று நண்பகலிலேயே ஊகிக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

வீட்டிலோ வேறு கடையிலோ அரைத்த மாவைக் கொண்டுவந்து வெள்ளோட்டம் நடத்தாதீர்கள். உங்கள் கிரைண்டர், உங்கள் தண்ணீர், உங்கள் மாவு அறை ஆகியவற்றின் வெப்பநிலையில் மாவு எப்போது பொங்குகிறது என்பதே தெரிய வேண்டிய செய்தி. மார்கழியில் பத்து மணி நேரம் ஆகியும் எழும்பாத அதே மாவு, சித்திரையில் ஆறு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழியும். ஆகவே திறப்புக்கு முந்தைய வாரம் முழுவதும் தினமும் கொஞ்சம் அரைத்து, எப்போது அரைத்தது, எப்போது எழும்பியது, அன்றைய அறை வெப்பம் என்ன என்று சுவரில் ஒரு தாளில் எழுதிவாருங்கள். ஒரு கிலோ அரிசிக்கு உங்கள் குழியில் எத்தனை இட்லி கிடைக்கிறது, உங்கள் கரண்டியில் எத்தனை தோசை வருகிறது என்பதையும் எடைபோட்டு எழுத வேண்டும். மாஸ்டர்கள் கைக்கணக்கில் தேர்ந்தவர்கள்தான். ஆனால் அந்தக் கணக்கு அவர்கள் முன்பு வேலை பார்த்த கடையின் குழிக்கும் கரண்டிக்கும் உரியது.

மூன்று வெள்ளோட்டங்கள்

முதல் வெள்ளோட்டம் கடைக்காரர்களுக்குள்ளேயே நடக்கட்டும். பணியாளர்களில் பாதிப் பேர் உட்கார்ந்து சாப்பிட, மறு பாதி பரிமாற, பிறகு மாற்றிக்கொள்ளலாம். மேசை எண்கள் எல்லோருக்கும் ஒன்றாகத் தெரிகிறதா, ஆர்டர் சீட்டு எந்த வழியாகக் கல்லுக்குப் போகிறது, எச்சில் தட்டு எந்த வழியாகத் திரும்புகிறது என்பன இதில் தெளிவாகும். எச்சில் தட்டும் சூடான சாம்பாரும் ஒரே கதவில் எதிரெதிராக வந்தால், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் யார் மேலாவது கொட்டும். அன்றே வழியைப் பிரித்துவிடுங்கள்.

இரண்டாவதற்குப் பாதிக் கூடம், அதாவது 24 பேர். திறப்புக்கு ஐந்தாறு நாட்களுக்கு முன் நடத்தலாம். மூன்றாவது முழுக் கூடம், 48 பேர், அதோடு சில பார்சல்கள்; திறப்புக்கு இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு முன். முந்தைய நாள் மாலையில் வைத்தால் கண்டுபிடித்த குறையைத் திருத்த நேரம் இருக்காது.

யாரை அழைப்பது என்பதில்தான் பலர் வெள்ளோட்டத்தை வீணாக்குகிறார்கள். சொந்தக்காரர்களும் நண்பர்களும் வந்து உட்கார்ந்தால் பொறுமையாக இருப்பார்கள், ஆறிய தோசையையும் அருமை என்பார்கள். அவர்களோடு, காலையில் இருபது நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு அலுவலகம் ஓட வேண்டியவர்கள், குழந்தையோடு வருகிறவர்கள், காரம் ஆகாத முதியவர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் ஆகியோரையும் அழையுங்கள். பக்கத்துக் கடைக்காரர் உண்மையைச் சொல்வார். அவருக்கு உங்களிடம் சலுகை காட்டக் காரணம் இல்லை.

அதைவிட முக்கியம், மூன்றாவது வெள்ளோட்டத்தில் காசு வாங்குவது. இலவசம் என்றால் 48 பேரில் 40 பேர் நெய் ரோஸ்ட்தான் கேட்பார்கள். இட்லிக் கொப்பரை சும்மா கிடக்கும். அந்த நாளின் கணக்கு எதற்கும் உதவாது. பாதி விலையாவது வாங்கினால் மக்கள் வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிடுவார்கள், காத்திருப்பு நீண்டால் முகம் சுளிப்பார்கள், கல்லாவும் சேர்ந்து சோதனைக்குள்ளாகும். உறவினரிடம் காசு கேட்கக் கூச்சமாக இருந்தால் இரண்டாவது வெள்ளோட்டத்தை அவர்களுக்கென்று இலவசமாக வைத்துவிட்டு, என்ன சாப்பிட வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடலாம். ஒரு மேசைக்கு இரண்டு தோசை, ஒரு பொங்கல், ஒரு இட்லி வடை என்று நீங்களே பிரித்துக் கொடுத்தால் சமையலறைக்கு வரும் சுமை உண்மையானதாக இருக்கும்.

எதை அளப்பது

ஒவ்வொரு ஆர்டர் சீட்டிலும் நான்கு நேரங்களை எழுதச் சொல்லுங்கள்: உட்கார்ந்தது, ஆர்டர் எடுத்தது, முதல் தட்டு மேசைக்கு வந்தது, பில் கட்டியது. இதைச் சப்ளையர்களிடம் விட்டால் நெரிசலில் மறந்துவிடுவார்கள் என்பதால், இதற்கென்றே இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கூடத்தில் நிற்கட்டும். மற்றவர் சமையலறையிலிருந்து தட்டு வெளியே வரும் மேடையருகே நின்று, தட்டு எப்போது தயாராகி எப்போது எடுக்கப்பட்டது என்று குறிக்கட்டும். முதலாளி கல்லாவில் உட்காராமல் இந்த இரண்டாவது இடத்தில் நிற்பது நல்லது. கடையின் உண்மை நிலை அங்கேதான் தெரியும்.

இப்போது கணக்குக்கு வருவோம். நம் கல்லில் ஒரே நேரத்தில் நான்கு சாதா தோசைகள் ஊற்றலாம் என்றும், தண்ணீர் தெளித்துத் துடைப்பதிலிருந்து மடித்து எடுப்பதுவரை ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம் ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 தோசை. 48 பேரில் 30 பேர் தோசை கேட்கிறார்கள். மணிக்கு 60 போடும் கல்லுக்கு 30 தோசை ஒரு பொருட்டா என்று தோன்றும். ஆனால் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியதும் 48 பேரும் ஒரே நேரத்தில் உட்காருகிறார்கள். 30 தோசைக்கு எட்டுச் சுற்று. எட்டுச் சுற்றுக்கு 32 நிமிடம். கடைசி மேசைக்காரர் அரை மணி நேரத்துக்கு மேல் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதே கடையில் ஐந்து நிமிடத்துக்கு இரண்டு மேசை வீதம் உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஐந்து நிமிடத்துக்கு எட்டுப் பேர், அவர்களில் ஐந்து பேருக்குத் தோசை. கல்லோ ஐந்து நிமிடத்துக்கு ஐந்து தோசை தரக்கூடியது. 12 மேசையும் நிரம்ப அரை மணி நேரம் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் உட்கார்ந்த எவரும் தோசைக்கு ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க மாட்டார்கள். வாசலில் பெயர் எழுதிக்கொண்டு பத்து நிமிடம் நிற்பதை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். உட்கார வைத்துவிட்டு முப்பது நிமிடம் காக்க வைத்தால் பொறுக்க மாட்டார்கள். எனவே மூன்றாவது வெள்ளோட்டத்தில் வாசலில் ஒருவரை நிறுத்தி, இந்த வேகத்தில் உள்ளே விட்டுப் பழக்க வேண்டும். இரண்டாவது கல் வாங்குவது அடுத்த யோசனை. அதற்கு எரிவாயுவும் புகைபோக்கியும் இன்னொரு மாஸ்டரும் சேர்ந்து வேண்டியிருக்கும்.

மேடையருகே நின்று பார்த்தால் சில நேரம் வேறொன்றும் தெரியும். தோசை நான்கு நிமிடத்தில் வந்துவிடுகிறது; ஆனால் மேடையிலேயே இரண்டு மூன்று நிமிடம் கிடக்கிறது. சப்ளையர் ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று சட்னிக் கிண்ணங்களைத் தேடி நிரப்பிக்கொண்டிருப்பதே காரணமாக இருக்கலாம். நெய் ரோஸ்ட்டைப் பார்த்தாலே இதைச் சொல்லிவிடலாம்: கல்லிலிருந்து எடுத்தபோது கூம்பாக நின்றது, மேசைக்குப் போகும்போது தோள் தொங்கியிருக்கும். இங்கே தோசை மாஸ்டரை விரட்டிப் பயனில்லை. சட்னியையும் சாம்பாரையும் தூக்குவாளியில் கொண்டுபோய் மேசையிலேயே ஊற்றும் ஒருவரை நியமித்தால் தட்டு உடனே கிளம்பிவிடும். தேங்காய்ச் சட்னியை மட்டும் பெரிய அளவில் அரைத்து வைக்காமல், இரண்டு மணி நேரத்துக்கு ஆகும் அளவே அரைத்து, வாளியில் மிஞ்சியதைப் புதியதோடு கலக்காமல் ஒதுக்கிவிட வேண்டும். சாம்பார் வாளி மேடையில் ஆறிக் கிடக்கக் கூடாது. பரிமாறும்வரை 65 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கி மாஸ்டரின் கைக்கெட்டும் இடத்தில் தொங்கவிடுங்கள்.

அடுத்த தேக்கம் காபி மேடை. தோசைக்குப் பின் இருபது நிமிடம் கழித்தே அது வருவதால் பலர் கவனிப்பதில்லை. ஒரு காபிக்கு நாற்பது விநாடி என்றால் மணிக்கு 90 காபி. எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் 48-ஆவது காபிக்கு 32 நிமிடம். கூடத்தில் தட்டுகள் எடுக்கப்பட்டுவிட்டன, ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை, வாசலில் கூட்டம் நிற்கிறது, தோசைக்கல் சும்மா இருக்கிறது என்ற காட்சியைக் கண்டால் குறை காபியில் இருக்கிறது என்று பொருள். தோசை மேசைக்குப் போனதுமே காபி ஆர்டரை எடுத்து அனுப்பினால் பாதிச் சிக்கல் தீரும். டிகாக்‌ஷன் இறங்க நேரம் பிடிக்கும் என்பதால், முதல் ஃபில்டர் பாதி காலியானதுமே இரண்டாவதில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றியிருக்க வேண்டும். டம்ளர் டவராக்களின் எண்ணிக்கையையும் அன்றே பாருங்கள். கழுவும் இடத்தில் குவிந்து கிடந்து காபி மேடையில் தட்டுப்பாடு என்றால், இன்னும் வாங்குவதற்கு முன் கழுவுகிறவருக்கு ஓர் உதவியாளைப் போட்டுப் பாருங்கள்.

கல்லாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. பதிவுபெற்ற சாதாரண உணவகத்துக்கு வரி 5 சதவீதம். பில்லில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் அச்சாக வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டும் பில்லில் சரியாக வருகின்றனவா என்று அச்சடித்துப் பாருங்கள். காசு வாங்கிய வெள்ளோட்டப் பில்களை உண்மையான விற்பனையாகவே பதியுங்கள். பழகுவதற்காகப் போட்ட பொய்ப் பில்களை ரத்துசெய்துவிடுங்கள். இணையம் அறுந்தால் எழுத ஒரு பில் புத்தகம், யு.பி.ஐ. வேலை செய்யாதபோது கொடுக்கப் பத்து, இருபது ரூபாய்ச் சில்லறை, இரண்டும் கல்லாவில் இருக்கட்டும்.

வெள்ளோட்டம் முடிந்த அன்றே

பணியாளர்கள் சாப்பிட்டு முடித்ததும், கலைந்து போவதற்கு முன், அரை மணி நேரம் உட்கார வைத்துச் சீட்டுகளைப் பரப்புங்கள். எது நீண்ட காத்திருப்பு, அது எந்த இடத்தில் தொடங்கியது என்று பார்த்தால், பத்துப் பதினைந்து குறைகள் வரும். அவற்றில் மூன்றை மட்டும் எடுத்து அடுத்த வெள்ளோட்டத்துக்குள் திருத்துங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எந்த மாற்றம் வேலை செய்தது என்று தெரியாது. ருசி பற்றிய கருத்துகளில் பலர் ஒன்றுபோலச் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பார் இனிக்கிறது என்று ஒருவரும் புளிக்கிறது என்று ஒருவரும் சொன்னால் சாம்பாரைத் தொடாமல் இருப்பதே நலம். மாஸ்டரை எல்லோர் முன்னிலையிலும் குறை சொல்வதைத் தவிருங்கள். இந்தத் தொழிலில் திறப்பு நாளன்று காலையில் மாஸ்டர் வரவில்லை என்பதைவிடப் பெரிய இடி இல்லை. அதற்காகவே உதவியாளர்களில் ஒருவரை இரண்டாவது வெள்ளோட்டத்திலிருந்தே ஒரு மணி நேரமாவது கல்லில் நிறுத்திப் பழக்க வேண்டும்.

மூன்றாவது வெள்ளோட்டத்தில், வாசலில் அளவாக விட்டும்கூட, உட்கார்ந்து 15 நிமிடத்துக்குள் முதல் தட்டு வராத மேசைகள் மூன்று நான்கு இருந்தால் திறப்பைத் தள்ளிவைப்பதே முறை. முகூர்த்தம் குறித்து அழைப்பிதழும் கொடுத்தாயிற்று என்றால், அந்த நேரத்தில் பால் காய்ச்சிப் பூஜையை முடித்து, வந்தவர்களுக்குக் கேசரியும் காபியும் கொடுத்து அனுப்பிவிட்டு, விற்பனையை அடுத்த வாரம் தொடங்கலாம். இதில் அவமானம் எதுவும் இல்லை.

திறப்பு நாள்

கணபதி ஹோமம் செய்வதானால் முந்தைய நாளே செய்துவிடுங்கள். அன்று அதிகாலையில் வைத்தால் புகையும் கூட்டமும் சமையலறைக்குள் நுழைந்து, நான்கரை மணிக்குக் கொப்பரை ஏற்ற வேண்டிய மாஸ்டர் ஐந்தரைவரை கைகட்டி நிற்பார். திறப்பு நாளில் பால் காய்ச்சுவதும் முதல் பில் போடுவதும் போதும்.

முடிந்தால் வாரத்தின் நடுநாளைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் வேண்டாம். முதல் நாள் காலை ஏழு முதல் பதினொன்றுவரை மட்டும் நடத்தினால், மாலைக்கு ஓய்வும் திருத்தமும் கிடைக்கும். ஸ்விக்கி, சொமேட்டோ போன்றவற்றை முதல் இரண்டு வாரங்களுக்குத் திறக்க வேண்டாம். உட்கார்ந்திருப்பவரின் தோசையும் செயலி வழியாகக் கேட்பவரின் தோசையும் அதே கல்லில்தான் வேக வேண்டும். பார்சலுக்கும் எட்டிலிருந்து ஒன்பதரைவரை இட்லி, பொங்கல், வடை மட்டும் என்று வாசலில் எழுதிவிடலாம். ஏதாவது தீர்ந்துவிட்டால், மேடையருகே உள்ள பலகையில் உடனே அழித்துவிட்டு, நான்கு சப்ளையர்களுக்கும் ஒருவர் குரல் கொடுக்க வேண்டும். ஆர்டர் எடுத்து உள்ளே போய்த் திரும்பிவந்து, இல்லை என்று சொல்லும் நிலை வரக்கூடாது.

காலை எட்டேகால் மணியளவில் கூடம் நிரம்பியிருக்கும்போது முதலாளியைப் பார்த்துக் கைகுலுக்க ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். அவர்களை வரவேற்க வீட்டிலிருந்து ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டு, நீங்கள் மேடையருகிலேயே இருங்கள். சீட்டில் நேரம் எழுதுவதை அன்றும் நிறுத்த வேண்டாம்.

பதினொன்றுக்குக் கதவை மூடியதும் மிஞ்சிய மாவு, வடைக்கு அரைத்த உளுந்து, சாம்பார் ஆகியவற்றை எடைபோட்டு எழுதுங்கள். பன்னிரண்டு மணிக்குள் மறுநாளைய அரிசியை ஊறப்போட வேண்டும். முதல் நாள் வந்தவர்களில் அழைக்கப்பட்டவர்கள் எத்தனை, பலகையைப் பார்த்துத் தாமாக வந்தவர்கள் எத்தனை என்று வாசலில் நின்றவரின் பெயர்த்தாளிலிருந்து பிரித்துப் பாருங்கள். மறுநாளுக்கு ஊறப்போடும் அளவை இரண்டாவது எண்ணிக்கையை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.